99.9 போக மிச்சம்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் கணினிகளையும் இணைய இணைப்பையும் பார்த்துக்கொள்ளும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தேன். ஒரு ஜூன் மாதத்தில், காலை 9.20-க்கு எங்கள் லீஸ்டு லைன் நின்றுபோனது. எங்கள் பக்கம்தான் கோளாறு என்று நினைத்து ரவுட்டரை அணைத்துப் போட்டேன். கேபிளை மாற்றினேன். பழைய ரவுட்டர் ஒன்றைத் தூசி தட்டி எடுத்துச் செருகிப் பார்த்தேன். எதுவும் பலிக்காமல், 11.40-க்குத்தான் இணைப்புக் கொடுத்த நிறுவனத்தை அழைத்துப் புகார் பதிந்தேன். பிற்பகல் 3.10-க்கு இணைப்புத் திரும்பியது. சாலை வெட்டியதில் எங்கேயோ கண்ணாடியிழைக் கேபிள் அறுந்திருந்தது.

செல்போன் இணைப்பை வைத்து மெயிலை ஒப்பேற்றிவிட்டோம். ஆனால் இன்வாய்ஸ் போடும் மென்பொருள் சென்னையில் ஒரு சர்வரில் இருந்தது. பாதுகாப்புக்காக அதை எங்கள் லைனின் முகவரியிலிருந்து மட்டுமே திறக்கும்படி வைத்திருந்தோம். தூத்துக்குடியில் இருந்த கிளியரிங் ஏஜென்ட்டுக்குத் தாள்கள் நேரத்துக்குப் போகவில்லை, சரக்கு அந்தக் கப்பலைப் பிடிக்கவில்லை. பாதியை விமானத்தில் அனுப்பினோம். அந்த ஒரு செலவு, அந்த லைனுக்கு நாங்கள் ஓராண்டு முழுவதும் கட்டும் வாடகையைத் தாண்டியது.

முதலாளி கூப்பிட்டார். "தம்பி, ஒப்பந்தத்துல தொண்ணூத்தொன்பதரை சதவீதம்னு போட்டிருக்காங்கல்ல? நட்டஈடு கேட்டு எழுதுங்க."

"எழுதிடறேனுங்க" என்றேன். எழுதினேன். பத்து நாளில் பதில் வந்தது: ஜூன் மாதத்தில் உங்கள் இணைப்பு 99.51 சதவீத நேரம் இயங்கியிருக்கிறது, ஒப்பந்த அளவு 99.5, ஆகவே கிரெடிட் எதுவும் இல்லை.

அப்போதுதான் அந்த ஒப்பந்தத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். அவர்கள் கணக்கில் பிழை இல்லை. பிழை, கையெழுத்துப் போடும் முன் அதைப் படிக்காமல் விட்ட என்னுடையது.

சதவீதத்தை நிமிடமாக்குவது

இந்த வகைத் தாளுக்கு 'சர்வீஸ் லெவல் அக்ரிமென்ட்' என்று பெயர். தொழிலில் எஸ்.எல்.ஏ. என்பார்கள். லீஸ்டு லைன், வெப் ஹோஸ்டிங், கிளவுட் சர்வர், தரவு மையம் என்று மாத வாடகைக்கு வாங்கும் கணினிச் சேவைகளோடு பெரும்பாலும் இது சேர்ந்தே வரும். அதில் பெரிய எழுத்தில் இருப்பது ஒரு சதவீதம். மாதத்தில் எத்தனை சதவீத நேரம் சேவை இயங்கும் என்று அவர்கள் ஒப்புக்கொள்ளும் அளவு அது. அதை அப்டைம் என்கிறார்கள். நின்றுபோகும் நேரம் டவுன்டைம்.

தொண்ணூற்றொன்பதரை என்று காதில் விழுந்தால் ஏறக்குறைய நூறு என்றுதான் மனம் எடுத்துக்கொள்கிறது. பரீட்சை மார்க் பார்த்துப் பழகிய மனம் அது. இங்கே பார்க்க வேண்டியது நூறில் போக மிச்சம் இருப்பதை. அந்த மிச்சம்தான் அவர்கள் நின்றுபோக நாம் கொடுக்கும் அனுமதி.

கணக்கு எளிது. 30 நாள் மாதத்தில் 43,200 நிமிடங்கள் உண்டு. அதில் ஒரு சதவீதம் 432 நிமிடம், அதாவது 7 மணி 12 நிமிடம். இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்தால் மற்றவை தாமாக வரும். 99 சதவீதம் என்றால் மாதம் 432 நிமிடம் நிற்கலாம். 99.5 என்றால் அதில் பாதி, 216 நிமிடம். 99.9 என்றால் பத்தில் ஒரு பங்கு, 43 நிமிடம் 12 விநாடி. 99.99 என்றால் அதிலும் பத்தில் ஒன்று, நாலு நிமிடம் இருபது விநாடி போல. புள்ளிக்குப் பின்னால் ஒரு ஒன்பது கூடினால் அனுமதி பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. 99-க்கும் 99.9-க்கும் இடையே இருப்பது முக்கால் மணி நேரத்துக்கும் ஒரு முழு வேலை நாளுக்கும் உள்ள தூரம்.

அடுத்துத் தேட வேண்டியது, அந்தச் சதவீதம் எந்தக் காலத்துக்கு என்பதை. மாதத்துக்கா, ஆண்டுக்கா? ஆண்டுக்கு 99.9 என்று எழுதியிருந்தால் அனுமதி 8 மணி 45 நிமிடத்துக்கும் சற்று மேல். அதை மாதம் 43 நிமிடமாகப் பிரித்துத்தான் செலவழிக்க வேண்டும் என்பதில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் ஒரே நாளில் எட்டரை மணி நேரம் நின்று, மீதி ஆண்டு முழுக்க ஒழுங்காக ஓடினால் ஒப்பந்தம் மீறப்படவில்லை. அதே தடை, மாதக் கணக்கு வைத்த ஒப்பந்தத்தில் தெளிவான மீறல். எண் ஒன்றுதான், வாக்குறுதிகள் இரண்டு.

மாதக் கணக்கிலும் ஒரு ஓட்டை உண்டு. 99.9 ஒப்பந்தத்தில் மாதக் கடைசி நாள் இரவு 11.20-க்கு நின்று, அடுத்த மாதம் பிறந்து 12.40-க்குத் திரும்பினால் மொத்தத் தடை 80 நிமிடம். ஆனால் இந்த மாதத்துக்கு 40, அடுத்த மாதத்துக்கு 40. இரண்டுமே 43-க்குள் அடங்கிவிடும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். 9.20 முதல் 3.10 வரை 350 நிமிடம். 99.5-க்கு அனுமதி 216. ஆகவே மீறல் என்று நான் நினைத்தேன். ஆனால் ஒப்பந்தத்தின் நாலாவது பக்கத்தில் 'டவுன்டைம்' என்ற சொல்லுக்கே ஒரு பொருள் விளக்கம் இருந்தது: வாடிக்கையாளர் புகார் பதிந்து டிக்கெட் எண் பெற்ற நேரத்திலிருந்து, இணைப்பு மீண்ட நேரம் வரை. என் டிக்கெட் 11.40-க்கு. அங்கிருந்து 3.10 வரை 210 நிமிடம். 216-ஐவிட ஆறு நிமிடம் குறைவு.

நான் ரவுட்டரோடு மல்லுக்கட்டிய 2 மணி 20 நிமிடம், ஒப்பந்தத்தின் கண்ணுக்கு நடக்கவே இல்லை. 11.30-க்கு அழைத்திருந்தால்கூட அளவு தாண்டியிருக்கும்.

அதனால் எஸ்.எல்.ஏ. கையில் வந்தால் இப்போது நான் சதவீதத்தை முதலில் பார்ப்பதில்லை. பொருள் விளக்கப் பக்கத்துக்குப் போகிறேன். எது நின்றால் 'நின்றது', கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது, யாருடைய கடிகாரம் செல்லும், எதெல்லாம் கணக்கில் சேராது. முன்னறிவிப்போடு செய்யும் பராமரிப்பு வேலை பெரும்பாலும் சேராது. அதற்கு மாதம் இத்தனை மணி என்று உச்சவரம்பு இல்லாவிட்டால், சதவீதத்துக்கு அடியில் அளவில்லாத இன்னொரு அனுமதி ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். நம் பக்கக் கருவிக் கோளாறு, நம் மின்சாரம், இயற்கைச் சீற்றம் ஆகியவையும் பொதுவாக வெளியேதான். வேகம் குறைவது பல ஒப்பந்தங்களில் தடையாகவே எண்ணப்படாது. ஒரு பக்கம் திறக்க அரை நிமிடம் எடுத்தாலும், திறந்துவிட்டதே!

நாலு மணி 17 நிமிடம்

எங்கள் லைன் சின்ன விஷயம். உலகமே பார்த்த ஒரு தடையில் இந்தக் கணக்கு எப்படி விழுந்தது என்று பார்த்தால், கிரெடிட் என்பதன் உண்மையான அளவு புரியும்.

அமேசானின் கிளவுட் பிரிவில் எஸ்3 என்று ஒரு சேமிப்புச் சேவை இருக்கிறது. படங்கள், வீடியோக்கள், தாள்கள், காப்புப் பிரதிகள் என்று எதையும் அதில் போட்டு வைக்கலாம். ஏராளமான இணையதளங்கள் தங்கள் படங்களையும் கோப்புகளையும் அங்கிருந்துதான் எடுத்துத் தருகின்றன. 2017 பிப்ரவரி 28 அன்று, அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் இருக்கும் அதன் தொகுதியில், எஸ்3-இன் பில் போடும் பகுதி மெதுவாக ஓடுவதை ஊழியர்கள் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அதற்காகச் சில சர்வர்களை மட்டும் விலக்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டளையைக் கொடுத்த ஊழியர் ஓர் இடத்தில் தவறாகத் தட்டிவிட, நினைத்ததைவிட மிக அதிகமான சர்வர்கள் விலகிப்போயின. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற விவரத்தை வைத்திருக்கும் பகுதியும், புதிய கோப்புக்கு இடம் ஒதுக்கும் பகுதியும் சரிந்தன. இரண்டையும் முழுக்க அணைத்துப் போட வேண்டியதாயிற்று. பெரிய தொகுதிகளில் பல ஆண்டுகளாக அப்படி முழுதாக அணைத்துப் போட்டதே இல்லை என்று அமேசான் பிறகு வெளியிட்ட விளக்கத்தில் சொன்னது. அதற்குள் எஸ்3 பெருமளவு வளர்ந்திருந்ததால், நினைத்ததைவிட அதிக நேரம் பிடித்தது.

அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி காலை 9.37-க்குத் தொடங்கியது பிற்பகல் 1.54-க்கு முழுதாகச் சீரானது. மொத்தம் 4 மணி 17 நிமிடம். ட்ரெல்லோ, கோரா போன்ற தளங்கள் முடங்கின. எங்கள் சேவைகள் நலமா என்று அமேசான் காட்டும் பலகையே எஸ்3-ஐ நம்பி இருந்ததால், முதல் இரண்டு மணி நேரம் அந்தப் பலகையையும் திருத்த முடியவில்லை. ட்விட்டரில் எழுதிச் செய்தி சொன்னார்கள். தடையின் போது சேவையாளரின் பலகையை மட்டும் நம்பிக் குறிப்பு எடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இனிக் கணக்கு. 4 மணி 17 நிமிடம் என்பது 257 நிமிடம். 28 நாள் பிப்ரவரியில் 40,320 நிமிடம். எஸ்3-இன் ஒப்பந்தம் நேரத்தை நேரடியாக எண்ணுவதில்லை. மாதத்தை ஐந்து ஐந்து நிமிடத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் நாம் அனுப்பிய கோரிக்கைகளில் எத்தனை சதவீதம் அவர்கள் பக்கப் பிழையால் தோற்றன என்று பார்த்து, மாதம் முழுவதற்கும் சராசரி எடுத்து, அதை நூறிலிருந்து கழிக்கிறது. ஆகவே 257 நிமிடமும் எல்லாக் கோரிக்கையும் தோற்ற வாடிக்கையாளருக்குத்தான் முழு 257 நிமிடமும் கணக்கில் ஏறும். பாதிக் கோரிக்கைகள் நிறைவேறியிருந்தால் ஏறுவதும் பாதிதான்.

மிக மோசமாக அடிபட்டவரையே எடுத்துக்கொள்வோம். 257-ஐ 40,320-ஆல் வகுத்தால் 0.64 சதவீதம். நூறில் கழித்தால் 99.36. எஸ்3 ஒப்பந்தத்தின் அளவு 99.9. மீறல் என்பதில் ஐயமில்லை. அன்றைய அட்டவணைப்படி, 99.9-க்குக் கீழே போய் 99-க்கு மேலே நின்றால் அந்த மாதக் கட்டணத்தில் 10 சதவீதம் கிரெடிட். 99-க்கும் கீழே இறங்கினால் 25 சதவீதம்.

பத்து சதவீதம் என்பது பணமாக எவ்வளவு? அப்போது அந்தத் தொகுதியில் ஒரு ஜிபி சேமிக்க மாதம் 2.3 சென்ட். ஓர் இணையக் கடை தன் பொருட்களின் படங்களை எல்லாம் சேர்த்து ஆயிரம் ஜிபி வைத்திருந்தது என்று கொள்வோம். மாதச் சேமிப்புக் கட்டணம் 23 டாலர். பத்து சதவீதம் 2 டாலர் 30 சென்ட். படங்களே இல்லாமல் கடை நாலு மணி நேரம் வெறிச்சோடிக் கிடந்ததற்கு ஒப்பந்தம் தருவது, கோரிக்கைக் கட்டணத்தில் வரும் சில்லறையைத் தவிர, அவ்வளவுதான். ஒரு டாலரைத் தாண்டாத கிரெடிட்டைத் தருவதில்லை என்று இன்னொரு விதியும் இருக்கிறது. நானூறு ஜிபி வைத்திருந்தவருக்குப் பத்து சதவீதம் 92 சென்ட். ஆகவே அவருக்கு எதுவும் இல்லை.

அந்த நாளில் அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் ஐந்நூற்றுக்கு மட்டும் சேர்த்து 15 கோடி டாலர் இழப்பு என்று ஓர் இடர் மதிப்பீட்டு நிறுவனம் கணித்தது பத்திரிகைகளில் வந்தது. அந்தத் தொகையையும் 2 டாலர் 30 சென்டையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்வேன்.

அட்டவணையை இன்னும் சற்று உற்றுப் பார்த்தால் வேறொன்று தெரியும். அந்தப் பிப்ரவரியில் 41 நிமிடம் நின்றாலே 10 சதவீதம் வந்துவிடும். அடுத்த படிக்கு இறங்க 404 நிமிடம், அதாவது 6 மணி 44 நிமிடம் வேண்டும். இடையில் எத்தனை நிமிடம் நின்றாலும் அதே பத்துதான். முதல் படியைத் தாண்டியபின், ஒவ்வொரு கூடுதல் நிமிடத்துக்கும் சேவையாளர் கிரெடிட்டாகத் தருவது பூஜ்யம். நமக்கோ ஒவ்வொரு நிமிடமும் எரிகிறது. அன்றைய அட்டவணையில் மாதம் முழுக்க நின்றிருந்தாலும் 25 சதவீதம்தான். பிறகு திருத்தி, 95 சதவீதத்துக்குக் கீழே போனால் மாதக் கட்டணம் முழுவதும் என்று ஒரு படியைச் சேர்த்தார்கள். 95 என்றால் 30 நாள் மாதத்தில் 36 மணி நேரம். ஒன்றரை நாளுக்கு மேல் நின்றால்தான் அந்த மாத வாடகை முழுதாகத் திரும்பும்.

நம் ஊரில் இருந்து அந்தத் தொகுதியைப் பயன்படுத்தியவர்களுக்கு ஒரு சிக்கல் கூடுதலாக இருந்தது. இந்திய நேரப்படி தடை தொடங்கியது பிப்ரவரி 28 இரவு 11.07-க்கு. முடிந்தது மார்ச் 1 அதிகாலை 3.24-க்கு. நம் கணினியின் பதிவேட்டைத் திறந்தால் பிழைகளில் பெரும்பகுதி மார்ச் மாதத் தேதியில்தான் கிடக்கும். உலகப் பொது நேரத்துக்கு மாற்றினால் எல்லாமே பிப்ரவரி 28-க்குள் அடங்கும். தேதியை மாற்றாமல் கேட்டு எழுதினால், தடையே இல்லாத ஒரு மாதத்துக்குக் கிரெடிட் கேட்டதாகிவிடும்.

கேட்டு எழுதுவது என்றேன். அதுதான் அடுத்த விஷயம். நின்றது அவர்கள் சேவைதான், அவர்களுக்கே தெரியும், ஆனாலும் தானாகத் தர அவர்கள் கடமைப்படவில்லை. எஸ்3 ஒப்பந்தப்படி, தடை நடந்த மாதத்துக்குப் பின் இரண்டாவது பில் காலம் முடிவதற்குள் நாம் கேட்க வேண்டும். தேதி, நேரம், பிழை நடந்ததைக் காட்டும் நம் பதிவேடு ஆகியவற்றை இணைக்க வேண்டும். பதிவேடு இல்லாதவருக்கு வழக்கே இல்லை. நிறைய அலுவலகங்களில் பதிவேடு ஒரு வாரத்தில் தானாக அழியும்படி வைத்திருப்பார்கள். கணக்குப் பிரிவு மாதக் கடைசியில் பில்லைப் பார்த்துக் கேட்கும்போது காட்ட எதுவும் இருக்காது.

கிரெடிட் எதை ஈடு செய்கிறது

கிரெடிட் என்ற சொல்லை நட்டஈடு என்று புரிந்துகொள்வதில்தான் எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது. என் முதலாளி கேட்டது நட்டஈடு. ஒப்பந்தத்தில் இருந்தது வாடகைத் தள்ளுபடி. தண்ணீர் வராத வீட்டுக்கு வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்பது போல. தண்ணீர் இல்லாததால் கல்யாணச் சமையல் நின்றுபோனதற்கு வீட்டுக்காரர் பொறுப்பேற்க மாட்டார்.

அதுவும் பெரும்பாலும் கையில் பணமாக வருவதில்லை. அடுத்த பில்லில் கழியும். சேவையை விட்டு விலகிவிட்டால் கழிக்கப் பில்லே இல்லை. எந்தச் சேவை நின்றதோ அதன் கட்டணத்தில்தான் சதவீதம் போடுவார்கள். சேமிப்புக்கு மாதம் இரண்டாயிரம் ரூபாயும் சர்வர்களுக்கு ஒரு லட்சமும் கட்டும் நிறுவனத்தில், சேமிப்பு நின்றதால் சர்வர்கள் எல்லாம் சும்மா கிடந்திருக்கும். தள்ளுபடி அந்த இரண்டாயிரத்தில்தான்.

இதோடு 'இதுவே ஒரே பரிகாரம்' என்ற வாசகத்தைக் கிட்டத்தட்ட எல்லா எஸ்.எல்.ஏ.யிலும் பார்க்கலாம். சேவை நின்றதற்கு நீங்கள் கேட்கக்கூடியது இந்தக் கிரெடிட் மட்டுமே, வேறெதுவும் இல்லை என்பது அதன் பொருள். தாளில் இருப்பதிலேயே கனமான வாக்கியம் என்று நான் இதைத்தான் சொல்வேன். பலர் கிரெடிட் அட்டவணையை ஒரு சலுகையாகப் படிக்கிறார்கள். இந்த வாசகத்தோடு சேர்த்துப் படித்தால் அது சேவையாளரின் பொறுப்புக்குப் போட்ட வேலி. அவர்கள் எவ்வளவு தருவார்கள் என்பதைச் சொல்வதைவிட, அதற்கு மேல் தர மாட்டார்கள் என்பதைத்தான் அது உறுதியாகச் சொல்கிறது.

அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. மாதம் 23 டாலர் வாங்கிக்கொண்டு, அந்தப் படங்களை நம்பி நடக்கும் வியாபாரம் முழுவதற்கும் யாராலும் காப்பீடு தர முடியாது. தடை வந்தால் லட்சக்கணக்கானோருக்கு ஒரே நேரத்தில் வருகிறது. எல்லோருடைய இழப்பையும் ஏற்பதானால் அந்த விலைக்குச் சேவையே இருக்காது. இதை நான் ஏற்கிறேன். நான் ஏற்காதது, விற்க வருபவர் '99.9 உத்தரவாதம்' என்று சொல்லிவிட்டு, எந்த அளவுக்கு உத்தரவாதம் என்பதை இருபதாம் பக்கத்துக்குத் தள்ளுவதை.

விற்பனைப் பேச்சில் கலந்துவிடும் இன்னும் இரண்டு எண்களையும் சொல்லிவிடுகிறேன். எஸ்3-ஐப் பற்றிப் பேசும்போது பதினொரு ஒன்பதுகள் என்று ஒரு கணக்கு வரும். 99.999999999 சதவீதம். அது போட்டு வைத்த கோப்பு தொலைந்துபோகாமல் இருப்பதற்கான எண். கேட்டவுடன் கிடைப்பதற்கான எண் அல்ல. வங்கி லாக்கரில் நகை பத்திரமாக இருக்கிறது, ஆனால் இன்று வங்கி விடுமுறை என்றால் எப்படியோ அப்படி. அடுத்தது, 99.99 கிடைக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்ற வாசகம். வடிவமைப்பு அவர்கள் எட்ட முயலும் இலக்கு. ஒப்பந்தத்தில் பொறுப்பேற்பது 99.9. இரண்டுக்கும் நடுவில் மாதம் 39 நிமிடம் இருக்கிறது. கையெழுத்துக்கு உரியது ஒப்பந்தத்தில் இருக்கும் எண் மட்டும்தான்.

எங்கள் லைன் விஷயத்திலும் அந்த ஆறு நிமிடம் எங்கள் பக்கம் விழுந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியது என்ன என்று பிறகு கணக்குப் போட்டேன். மாத வாடகை 24,000 ரூபாய். 99.5-க்கும் 99-க்கும் இடையே போனால் 5 சதவீதம். 1,200 ரூபாய். விமானச் சரக்குக் கட்டணத்தின் முன் அது டீச்செலவு. முதலாளியிடம் தாளைக் காட்டி விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப இதை நம்பி நாம உக்காந்திருக்கக் கூடாதுங்கறீங்க" என்றார்.

"ஆமாங்க. அவங்க குடுக்கறது அவங்க வாடகைக்குத்தானுங்க. நம்ம சரக்குக்கு நாமதான் பார்த்துக்கணும்."

புதுப்பிக்கும் நேரம் வந்தபோது நாங்கள் பேரம் பேசியது கிரெடிட் சதவீதத்தை அல்ல. ஐந்தைப் பத்தாக்கினாலும் 2,400 ரூபாய்தான், அதற்காக மல்லுக்கட்ட வேண்டியதில்லை. மூன்று விஷயம் கேட்டோம். தடை நேரம் எங்கள் புகாரிலிருந்து தொடங்கக் கூடாது, லைன் நின்றது அவர்களுடைய கண்காணிப்பு வரைபடத்தில் தெரியும் நேரத்திலிருந்து தொடங்க வேண்டும். அந்த வரைபடத்தை நாங்களும் பார்க்க வேண்டும். ஆறு மாதத்தில் மூன்று மாதம் அளவு தவறினால், மீதிக் காலத்துக்கு அபராதம் இல்லாமல் நாங்கள் விலகிக்கொள்ளலாம். முதலாவதை, அதே நாளில் புகார் பதிந்தால் சரி என்ற நிபந்தனையோடு ஏற்றார்கள். இரண்டாவதை உடனே தந்தார்கள். மூன்றாவதற்கு இரண்டு வாரம் பேசி, மூன்று என்பதை நாலு மாதமாக்கி ஒப்புக்கொண்டார்கள். என் அனுபவத்தில், விலகும் உரிமைக்குத்தான் சேவையாளர் அதிகம் தயங்குகிறார். நம் பேச்சுக்கு எடை சேர்ப்பதும் அதுதான்.

அதோடு மாதம் 6,000 ரூபாய்க்கு வேறொரு நிறுவனத்திடம் வேகம் குறைந்த இரண்டாவது லைன் எடுத்தோம். முதல் லைன் தரைக்கு அடியில் கேபிளில் வந்தது. இரண்டாவதை மாடியில் ஆன்டெனா வைத்து வாங்கினோம். வேறு நிறுவனமாக இருந்தும் ஒரே குழியில் கேபிள் போட்டிருந்தால், ஒரே ஜேசிபி இரண்டையும் வெட்டிவிடும் என்பதால் இதை நேரில் கேட்டு உறுதி செய்துகொண்டோம். சென்னை சர்வரைத் திறக்க இரண்டாவது லைனின் முகவரியையும் அனுமதிப் பட்டியலில் சேர்த்தேன். முதல் முறை அதை மறந்திருந்தால், இரண்டு லைன் இருந்தும் இன்வாய்ஸ் போட முடிந்திருக்காது.

கடைசியாக ஒரு பழைய கணினியில் சின்ன நிரல் ஒன்றை ஓடவிட்டேன். நிமிடத்துக்கு ஒரு முறை வெளியே ஒரு முகவரியைத் தட்டிப் பார்த்து, பதில் வந்ததா இல்லையா என்று நேரத்தோடு எழுதி வைக்கும். ஓராண்டுக்கான பதிவு ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும்.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் மறுபடியும் கேபிள் வெட்டுப்பட்டது. காலை 10.04-க்கு நின்று பிற்பகல் 3.31-க்கு வந்தது. 327 நிமிடம். நாங்கள் இரண்டாவது லைனுக்கு மாறி இன்வாய்ஸ் போட்டுக்கொண்டிருந்தோம். இணையம் கொஞ்சம் மெதுவாக இருக்கிறதே என்று இரண்டு பேர் கேட்டார்கள். டிக்கெட்டை 10.09-க்கே போட்டேன். பதிவையும் வரைபடத்தின் படத்தையும் இணைத்து மே முதல் வாரத்தில் எழுதினேன். 1,200 ரூபாய் ஜூன் பில்லில் கழிந்து வந்தது.